மன்னிப்புக் கேட்காத ஒரே வசவு

கெட்ட வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அக்கா நெஞ்சைத் தொட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்பாள். எதிரே ஆள் இருந்தால் ஆளிடம், இல்லாவிட்டால் சுவரிடம், சோற்றுப்பானையிடம். தங்கைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் மாறவில்லை.

முதலில் வந்தது கண் சிமிட்டல். பிறகு தொண்டைச் செருமல். வயதுக்கு வருகிற சமயத்தில் அந்த வார்த்தையும் சேர்ந்துகொண்டது. அம்மா வாயில் சூடு வைத்தாள். சூடு ஆறியது, வார்த்தை ஆறவில்லை. டூரெட் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது, குடும்பத்தில் முதல் ஆளாகத் தங்கை கல்லூரிக்குப் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

நரம்பு மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "மூளையோட அடியில, எந்த அசைவை விடணும், எதைத் தடுக்கணும்னு பார்க்கிற நரம்புக்கூட்டம் இருக்கு. இவங்களுக்கு அந்தத் தடை நழுவுது. இந்த நோய் இருக்கிற எல்லாரும் திட்டறதில்லம்மா, பத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி. உள்ள ஒரு அரிப்பு மாதிரி ஏறும். சொன்னாத்தான் இறங்கும். கொஞ்ச நேரம் அடக்கலாம். ஆனா அடக்கினது சும்மா இருக்காது."

"அப்போ நாம கோவத்துல திட்டறது?" என்று கேட்டாள் தங்கை.

"அதுக்குப் பின்னாடி கோவம் இருக்கு, குறி இருக்கு. உணர்ச்சியைக் கிளப்பற பகுதி எழும்பும், முன்மூளை 'சொல்லு'ன்னு விடும், இல்ல 'வேண்டாம்'னு நிறுத்தும்." அடுத்த அறையைக் காட்டினார். பக்கவாதத்தில் மூளையின் இடது பக்கம் அடிபட்ட ஒரு பெரியவர், மகளின் பெயரைச் சொல்ல முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்ததும் அவர் வாயிலிருந்து சுத்தமாக ஒரு வசவு வந்தது. "பேச்சு போயும் வசவு மிஞ்சியிருக்கு பாருங்க. அது வேற தடத்துலயும் ஓடுது."

அக்கா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். அந்த வரிசையில் அவள் காலருக்கு மறுதையல் வந்ததே இல்லை. வெளியூர் வாடிக்கையாளர்களை மேனேஜர் அழைத்து வந்த அன்று, அவர்கள் தாண்டும்போது வார்த்தை விழுந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர் சான்றிதழுடன் தங்கையும் போனாள்.

பெரிய இடம், மரியாதையாக இருக்க வேண்டும் என்று அக்கா அடக்கிக்கொண்டாள். முட்டியை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்து, நெற்றி வேர்க்க உட்கார்ந்திருந்தாள். அந்த மரியாதைதான் அவளைக் கவிழ்த்தது.

மேனேஜர் சான்றிதழைத் தள்ளிவைத்தார். "இவ்வளவு நேரமா ஒரு வார்த்தை வரலையே. இங்க முடியுதுன்னா அங்கயும் முடியும். வேணும்னே பேசியிருக்கு."

"சார், தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கறீங்க. அதுக்காக மத்த நேரம் வேணும்னே தும்மறீங்கன்னு அர்த்தமா?"

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தான். "படிச்ச பொண்ணு, வாய் ஜாஸ்தி."

"இவர் தினமும் எங்க அக்கா வரிசையை எருமைங்க, நாயிங்கன்னு திட்டறாரே. அவரை ஏன் விசாரிக்கல?"

"அது வேலை வாங்கறதுக்கும்மா" என்றார் மேனேஜர், சாதாரணமாக.

தங்கைக்கு ரத்தம் கொதித்தது. படித்ததையெல்லாம் கோவையாகச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. இத்தனை வருஷப் படிப்பு இதற்குத்தானா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. நோயை மன்னிக்க மாட்டார்களாம், கொழுப்புக்குச் சம்பளம் தருவார்களாம். அக்காவின் வேலை போயிற்று.

அறைக்கு வெளியே நடைக்கு வந்ததும் அக்கா அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்தது. வார்த்தைமேல் வார்த்தை, தட்டையாக, விக்கல்போல, யாரையும் பார்க்காமல். ஒவ்வொன்றுக்கும் கை நெஞ்சுக்குப் போனது. மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க. மூச்சு அடங்கியதும் அக்கா திரும்பி நடந்து கதவைத் திறந்தாள்.

இந்த முறை கண் சிமிட்டவில்லை. மேனேஜரை நேராகப் பார்த்து, அவருடைய பாட்டனிலிருந்து தொடங்கி, எழுவாய் பயனிலையோடு, எதையும் விடாமல் நிதானமாகத் திட்டி முடித்தாள்.

மேனேஜர் முகம் வெளுத்தது. சான்றிதழை எடுத்துப் பார்த்தார். "பாவம், வியாதிதான் போல. விடுங்க, நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா தலையாட்டினால் போதும், வேலை கிடைத்துவிடும்.

"இது வியாதி இல்ல சார்" என்றாள் அக்கா. "வியாதி அப்பவே நடையில போயிடுச்சு. இது நான்."

பிறகு வீட்டிலேயே ஒரு பழைய மெஷினைப் போட்டு, மஞ்சள் காமாலை கொண்டுபோகும்வரை தைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வார்த்தை விழுந்தால், நடுங்கும் கை நெஞ்சைத் தேடிப் போகும்.

அக்கா இறந்து சில மாதம் கழித்து மேனேஜர் தங்கையைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார். "நல்ல வேலைக்காரிதான். ஆனா என்கிட்ட மட்டும் ஒரு மன்னிப்புக் கேக்காமலே போயிட்டாங்க."

"ஆமா சார்" என்றாள் தங்கை. "அது பாக்கிதான்."

பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.