அணைக்காத இணைப்பு

ஒரகடத்தில், கொரியப் பொறியாளர்கள் அதிகம் தங்கும் விடுதியில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. எங்களிடம் தங்கியிருந்த ஓர் இளைஞர் வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். சில மாதங்கள் கழித்து அவருடைய அப்பா வந்தார், அந்த இடத்தைப் பார்க்க.

அப்பாவின் பழைய போன், அட்டை இல்லாமல் ஏற்றும் இ-சிம்மை ஏற்காதது. அதனால் மகனின் போனைக் கொண்டுவந்திருந்தார். மகள் பயண இ-சிம் வாங்கி, அதன் கியூஆர் படத்தை எங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தாள்.

"முதல்ல வைஃபை போடணும் சார்" என்று கடவுச்சொல்லை எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்குள் போன் தானாகவே இணைந்துவிட்டது. அந்தப் போனுக்கு எங்கள் விடுதி இன்னும் ஞாபகத்தில் இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

மெனு முழுக்கக் கொரிய மொழி. என் போனும் அதே மாடல்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரிசை பார்த்துப் பார்த்து அழுத்தினேன். புரியாததை என் கேமரா மொழிபெயர்த்தது. விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு, கணினித் திரையிலிருந்த கியூஆரை ஸ்கேன் செய்ததும் இ-சிம் ஏறியது. அழைப்புக்குப் போனில் ஏற்கெனவே இருந்த பழைய எண், டேட்டாவுக்குப் புதியது என்று தேர்ந்தெடுத்தேன். வைஃபையை அணைத்துப் பார்த்தோம். சிக்னல் கோடுகள் இருந்தன, நெட் வரவில்லை.

ரோமிங் போடாததுதான் காரணம் என்று தெரிந்தது. ஆனால் இரண்டு இணைப்புகளில் மேலே இருந்த பழைய எண்ணைத் தவறுதலாகத் திறந்துவிட்டேன். அதுதான் தடுக்கிறதோ என்று, 'இந்த இணைப்பு' என்ற சுவிட்சை அணைக்கப்போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்க்கும் என் போனில் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். அது தமிழில் சொன்னது: "அணைக்காதீர்கள். அவன் எண்."

"அணைக்கல சார். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

பழைய எண்ணில் டேட்டா ரோமிங் மட்டும் அணைந்தே இருந்தது. அதை அப்படியே விட்டேன். புதிய இ-சிம்முக்குள் போய் அங்கே ரோமிங்கைப் போட்டேன். டேட்டா இன்னொரு எண்ணுக்குத் தானாக மாறும் வசதியையும் நிறுத்தினேன். நெட் வந்தது.

அப்போது போன் அதிர்ந்தது. பழைய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி. கேமராவைக் காட்டினேன்: 'இந்தியாவுக்கு வரவேற்கிறோம்.' அதற்கு நேர் மேலே அதே வாசகம், மகன் வந்து இறங்கிய நாளில் வந்தது. பெரியவர் இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுவரப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் அவரை அழைத்துப்போன டிரைவர் வந்து சொன்னார்: "அந்த எடத்துல வீடியோ கால் போட்டுகினு நின்னாரு அக்கா. அந்தாண்ட பொண்ணு அழுவுது. இவரு ரோட்டத்தான் காட்டிகினே இருந்தாரு. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரில."

பெரியவர் மறுநாள் ஊருக்குத் திரும்பினார். இப்போதும் விருந்தினர் யாராவது போனை நீட்டி இ-சிம் கேட்டால், மேலே இருக்கும் இணைப்பின் மீது விரல் பட எனக்குப் பயமாக இருக்கிறது.