வெறுங்காணி

நீர்வேலியில் வாழைக்குலை விற்று மகனைப் படிப்பித்துக் கனடாவுக்கு அனுப்பிய தங்கமுத்து, இப்போது படுத்த படுக்கை. மகன் கோகுலனுக்கு ஊரில் ஒரு கிளினிக் கட்ட ஆசை. அதுவும் அம்மாவின் ஞாபகார்த்தமாக! தேவைகளை எழுதிக்கொள்ள வந்த கட்டடக் கலைஞர் ஜெயரூபன், அவள் படுத்திருந்த அறைக்கு வெளியே இருந்து, எழுத வசதியாகப் போனை ஸ்பீக்கரில் போட்டு அவனை அழைத்தார்.

"டொக்டருக்கு ஒரு அறை, காயத்துக்கு மருந்து கட்ட ஒண்டு, மருந்து குடுக்கிற இடம், இருபது பேர் இருக்க விறாந்தை. சக்கரநாற்காலி ஏறச் சரிவுப்பாதை கட்டாயம். மூண்டு கோடிக்கு மேலை ஒரு சதமும் போகக்கூடாது."

நோயாளிகளின் வசதியை எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறான் பிள்ளை!

"எப்ப திறக்கவேணும்?"

"ஆடியிலை. பிள்ளையளுக்கு அப்பதான் லீவு."

"அப்ப தையிலை அத்திவாரம் போடவேணும். இந்த வீட்டை இடிச்சு எப்ப வெறுங்காணியாத் தருவியள்?"

"தைக்கு முதல் கிடைக்கும். அம்மா கார்த்திகை தாண்டமாட்டா எண்டு டொக்டர் சொன்னவர்."

ஜெயரூபனின் பேனா நின்றது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

கார்த்திகை போனது, தையும் போனது. தங்கமுத்து கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். கன்னம்கூடத் தேறியிருந்தது. மாசியில் கோகுலன் அழைத்தான். அவளைப் பராமரிக்கும் சுபாஜினி போனை அவள் காதோடு பிடித்தாள்.

"அம்மா, சுகமோ? அங்கை சீமெந்து விலை ஏறிக்கொண்டு போகுதாம்."

"ஓம் ராசா," என்றாள் தங்கமுத்து.

மறுநாள் சுபாஜினி கஞ்சிக் கரண்டியை நீட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை.