முழு பதில் வியாழக்கிழமை

எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இங்கிலீஷ் காதில் விழுந்தால் தலை தானாக ஆடிவிடும். என் அப்பா சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். மேனேஜர் மடமடவென்று எதையோ சொல்வார். அப்பா "எஸ் சார், எஸ் சார்" என்பார். பிறகு ஆபீஸ் கிளார்க்கைத் தேடி ஓடி, "தொரை என்னதான் சொன்னாரு?" என்று கேட்பார். ஒரு தடவை கிளார்க் லீவு. அப்பா தாமே யூகித்து, சொன்ன காட்டை விட்டு வேறு காட்டில் மருந்தடிக்க வைத்துவிட்டு ஒரு வாரம் எல்லார் வாயிலும் விழுந்தார். அதைச் சொல்லிச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். அதே வியாதி எனக்கும் இருக்கிறது என்று தெரிய முப்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

அப்போது நான் நான்கு அறை கொண்ட ஒரு ஹோம்ஸ்டேயில் மேனேஜராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலாளி மலையாளி, எர்ணாகுளத்தில் இருந்தார். மலைக்கு மாதம் ஒரு தடவை வருவார். இந்த வேலைக்கு முன் நான் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேஜையில் ஆறு வருஷம் நின்றிருக்கிறேன். சாவி கொடுப்பது, காலை உணவு எத்தனை மணிக்கு என்பது, சுடுதண்ணீர் ஏன் வரவில்லை என்பது, இவ்வளவும் இங்கிலீஷில் பேசுவேன். அதை நம்பித்தான் முதலாளியிடம், "இங்கிலீஷ் எல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்ல சார்" என்று சொல்லி வேலையை வாங்கினேன். மெயில் பார்க்கிற பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த மெயில் வந்தது. எழுதியவர் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா. போனில் தள்ளத் தள்ள முடிவே வரவில்லை. பேருக்குத்தான் மெயில், அது ஒரு பாடப்புத்தகம். புரிந்தது இவ்வளவு: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று இரவு, இரண்டு அறை. சின்னவளுக்கு ஒன்பது வயது, ஏதோ வியாதி, கோதுமை ஆகாது. அதற்குப் பிறகு நான்கு பெரிய பத்தி, சமையலறையைப் பற்றி. அதில் பாதிச் சொற்களை நான் அதற்கு முன் கண்ணால் கண்டதே இல்லை. கடைசியில், இதெல்லாம் உங்களால் முடியுமா என்று இந்த வாரத்துக்குள் உறுதி செய்யுங்கள் என்று இருந்தது.

போனிலேயே தமிழாக்கிப் பார்த்தேன். க்ளூட்டன் என்பதைப் "பசையம்" என்றது, "குறுக்கு மாசுபாடு" என்றது. எங்கள் சமையலறையில் பசை எதற்கு வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷாவது பாதி புரிந்தது, தமிழ் அதையும் கெடுத்துவிட்டது.

அந்த மெயில் முதலாளிக்கும் நகலாகப் போயிருந்தது. பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். "மெயில் கண்டில்லே? வேகம் ஒரு மறுபடி போடு. ரெண்டு ரூம், மூணு ராத்திரி. ஓகேன்னு மட்டும் போட்டா மதி." மறுபடி என்றால் அவர் பாஷையில் பதில், மதி என்றால் போதும். "சரி சார், இப்பவே போடறேன்" என்றேன். அப்பாவின் மகள்தானே.

சமையலறையில் எங்கள் சமையல்கார அக்கா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். அவரும் லயத்திலிருந்து வருகிறவர், வேதக்காரர். காலையில் ஜெபம் முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். என் முகத்தைப் பார்த்ததும், "என்ன பிள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றார்.

"ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வருதுக்கா. கோதுமையே ஆகாதாம்."

"அதுக்கா இம்புட்டு யோசன? சப்பாத்திய நிறுத்திட்டா நாம ஆக்கறது சோறு, இட்லி, சாம்பாரு. இதுல கோதும எங்கிருந்து வரும்? சரின்னு போட்டு விடு."

அது நியாயமாகத்தான் பட்டது. நின்றபடியே போனில் அடித்தேன். உங்கள் மெயில் கிடைத்தது, எல்லாம் குறித்துக்கொண்டோம், ஒரு பிரச்சினையும் இல்லை, வாருங்கள். அனுப்புவதற்கு முன், எந்த நாள் வருகிறார்கள் என்று சரிபார்க்க அவர் மெயிலை மேலே தள்ளினேன். நடுவில் ஒரு நீளமான சொல் கண்ணில் பட்டது. அதைச் சுற்றி எழுத்தெல்லாம் தடிப்பாக இருந்தது. தேடிப் பார்த்தேன். போனில் ஒரு மஞ்சள் டப்பா படம் வந்தது. அதே மாதிரி டப்பா அடுப்புப் பக்கத்தில் மூடி திறந்து இருந்தது. அக்கா அப்போதுதான் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சாம்பாரில் போட்டிருந்தார்.

பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், பிசினோடு கோதுமை மாவு சேர்த்தது என்று போட்டிருந்தது. நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்து அதைச் சாப்பிட்டு வருகிறோம். இருவருக்கும் தெரியாது.

அடித்ததை மட்டும் அனுப்பியிருந்தால், அந்தப் பிள்ளை வந்து, முதல் நாள் சாம்பாரிலேயே படுத்திருக்கும். என் பேரில் ஒரு கடிதமும் இருந்திருக்கும், பிரச்சினை இல்லை என்று. அடித்ததை அழித்தேன்.

அழித்துவிட்டால் ஆயிற்றா? வேறு என்ன எழுதுவது? முதலில், மன்னியுங்கள், எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, உங்கள் கடிதம் புரியவில்லை என்று எழுதிப் பார்த்தேன். உண்மை. ஆனால் அந்த அம்மா அடுத்த நிமிஷம் வேறு இடம் பார்த்துவிடுவார், முதலாளிக்கும் நகல் போகும். சேர்ந்து இரண்டு மாதத்தில் மானம் கப்பலேறும். அதையும் அழித்தேன். பதிலே போடாமல் இரண்டு நாள் படித்துப் பார்க்கலாமா என்றும் நினைத்தேன். பதில் வராத இடத்தில் யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்?

ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் ஏழு வரி. உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்ட தேதிகளில் இரண்டு அறையை வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தராமல் பிடித்து வைக்கிறேன். உங்கள் மகளுக்குக் கோதுமை துளிகூடச் சேரக்கூடாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பதை இன்று டப்பாவில் பார்த்தேன், அது போல இன்னும் என்ன இருக்கிறது என்று சமைக்கிறவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆகையால் இதை உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முழு பதில் வியாழக்கிழமை மாலைக்குள் எழுதுகிறேன். தனிப் பாத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள்: புதிதாக வேண்டுமா, நன்றாகக் கழுவியது போதுமா?

புரிந்ததை மட்டும் எழுதினேன். புரியாததைச் சமையலறையின் பேரில் போட்டேன். அது பொய்யும் இல்லை, பார்க்காமல் சொல்ல முடியாதுதானே. அனுப்பினேன்.

முதலாளி உடனே கூப்பிட்டார். "உறுதியில்லான்னு எழுதிட்டியே, அவங்க போயிடுவாங்க. ஒரு ஓகே போட்டா தீர்ந்தில்லே?"

"சார், ஓகே போட்டுட்டு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம பேருதான் கெடும். வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க" என்றேன். அவரிடம் இல்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "போ, உன் பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்து இரண்டே வரி வந்தது. வியாழக்கிழமை போதும். இரும்புத் தோசைக்கல்லும் மரக் கரண்டியும் புதிது வேண்டும், எவர்சில்வர் கழுவினால் போதும்.

அதன்பிறகு மூன்று நாள் அந்த நான்கு பத்தியோடு குடும்பம் நடத்தினேன். ஒரு சமயத்தில் ஒரு வாக்கியம். ஒவ்வொரு சொல்லையும் தேடி, படம் பார்த்து, சமையலறையில் கொண்டுபோய் வைப்பேன். தோசைக்கல்லில்தான் சப்பாத்தியும் போடுகிறோம், ஆகவே அது கூடாது. மல்லிப் பொடியும் அரிசி மாவும் மில்லில் அரைக்கிறோம், அதே மில்லில் கோதுமையும் அரைக்கிறார்கள். ஒன்றின் மாவு இன்னொன்றில் ஒட்டுவதுதான் அந்தக் "குறுக்கு" என்று ஒருவழியாக எனக்கு விளங்கியது.

அக்காவுக்கு விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. "இருவது வருசமா ஆக்கிப் போடுதேன். என் சட்டி அழுக்குன்னு ஒருத்தி கடல் தாண்டி எழுதுதா, நீயும் அதைத் தூக்கிட்டு வாரே."

"அழுக்குன்னு சொல்லலக்கா. நமக்கு ஒண்ணும் செய்யாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு துணுக்கு மாவு பட்டாலும் குடல் புண்ணாயிருமாம்."

அக்கா திரும்பி அரிசி களையத் தொடங்கினார். "ஒம்பது வயசுன்னா சொன்ன?" என்றார். மறுநாள் வரும்போது புது மரக் கரண்டி ஒன்று அவர் பையில் இருந்தது. மல்லியை வீட்டிலேயே வறுத்து மிக்ஸியில் அரைக்கலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு முழு பதில் எழுதினேன். அந்த அம்மாவின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பத்தி. என்ன மாற்றினோம், அந்த மூன்று நாளும் யாருக்குமே சப்பாத்தி, பூரி கிடையாது, பெருங்காயம் இல்லாத சாம்பார். முடியாததையும் எழுதினேன்: வெளியே சுற்றப் போகிற இடத்தில் கடைச் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பேற்க முடியாது, மத்தியானத்துக்கு இங்கிருந்தே கட்டித் தருகிறேன். அன்று இரவே அறை உறுதியானது. முதலாளிக்கு நான் சொல்லவில்லை, நகல் போயிருக்கும்.

வந்தார்கள். முதல் நாள் அந்த அம்மா சமையலறை வாசலிலேயே நின்றார். ஒவ்வொரு டப்பாவையும் வாங்கிப் படித்தார். சின்னவள் தட்டில் வைத்ததை முதலில் தான் தின்று பார்த்து, பிறகுதான் கொடுத்தார். அக்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது எனக்குத் தெரியும், ஆனால் சிரித்தபடி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். "மேடம், உங்கள் முதல் மெயிலில் எனக்குப் பாதிதான் புரிந்தது."

அவர் சிரித்தார். "தெரியும். அது முதல் தடவையில் யாருக்கும் புரியாது. என் மாமியாருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று" என்றார். அதைக் கேட்டதும் நான் இத்தனை நாள் பட்ட வெட்கமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, கணவனும் மனைவியும் பெரிய பையனும் ஷூ மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுப் பக்கம் நடக்கக் கிளம்பினார்கள். சின்னவளுக்குக் கால் வலி, வரமாட்டேன் என்றாள். அந்த அம்மா அவளைச் சமையலறைக்குக் கூட்டி வந்து முக்காலியில் உட்கார வைத்தார். டப்பா எதையும் பார்க்கவில்லை. "இவளுக்குப் பசிக்கிறது" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்கா புதுக் கல்லை அடுப்பில் வைத்தார். அந்தப் பிள்ளை ஐந்து தோசை சாப்பிட்டாள். அவள் அம்மா திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது.