இரண்டிரண்டாகத் தட்டினால் இடது

பதவி உயர்வு வந்தால் வங்கியில் ஊரை மாற்றிவிடுவார்கள். எனக்கு மயிலாப்பூர்க் கிளை. திருநெல்வேலியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். எங்கே மேடு, எங்கே சாக்கடை மூடி என்பதெல்லாம் அங்கே என் கைத்தடிக்கு மனப்பாடம். ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பார்வை போய்விட்டது. அதற்காக வந்த பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நான் என்ன கிறுக்கியா?

எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். மந்தைவெளியில் ஒரு மகளிர் விடுதியில் என்னைக் கொண்டுவந்து சேர்த்த என் தம்பியும் அதையேதான் சொன்னான். அவன் கையில் ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. ஒன்று அவனுக்கு, இன்னொன்று எனக்கு.

"நாளைக்குக் காலைல விடுதியில இருந்து பாங்க் வரைக்கும் நீயே நடந்து காட்டு. முடிஞ்சா இரு. முடியலேன்னா பேசாம என்கூட ரயில் ஏறிரு," என்றான்.

"சரி. ஆனா நீ இருபது அடி பின்னாலதான் வரணும். நான் பாங்க் போய்ச் சேருத வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"விழுந்தா?"

"விழுந்தாலும்தான்."

அவனும் ஒரு நிபந்தனை போட்டான். கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம், மஞ்சள் சுடிதார்தான் போட வேண்டுமாம். அவன் கண்ணுக்கு வசதி என்றால் போட்டுவிட்டுப் போகிறேன் என்று போட்டுக்கொண்டேன்.

என் தைரியம் இடது மணிக்கட்டில் இருந்தது. சம்பள உயர்வை நம்பி வாங்கிய ஸ்மார்ட் வாட்ச். போகும் இடத்தைப் போனில் சொல்லி, போனைக் கைப்பைக்குள் போட்டுவிடலாம். திருப்பம் வந்தால் கடிகாரம் தோலில் தட்டும். இரண்டிரண்டாக மூன்று முறை தட்டினால் இடது. விடாமல் ஒரே சீராகப் பன்னிரண்டு தட்டினால் வலது. ஒன்றும் தட்டவில்லை என்றால் நேராகப் போக வேண்டும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு குரல் வழி கேட்கலாமே என்பார்கள். எனக்குக் காதுதானே கண். அதை அடைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸுக்கு முன்னால் நிற்க முடியுமா?

ஞாயிறு காலை கிளம்பினோம். விடுதித் தெருவின் பாதியில் முதல் தட்டு வந்தது. இரண்டு, இரண்டு, இரண்டு. சமர்த்தாக அந்த இடத்திலேயே இடப்பக்கம் திரும்பினேன். தடி ஒரு காரின் பம்பரில் டங்கென்று மோதியது. ஏதோ குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். ஒரு நாய் குரைத்தது. பின்னால் என் தம்பி இருமினான்.

"இருமலும் பேச்சுதான்," என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். வெட்கமாக இருந்தது. திருப்பம் வரப்போகிறது என்று கடிகாரம் கொஞ்சம் முன்கூட்டியே சொல்கிறது, முனையைக் கண்டுபிடிப்பது தடியின் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. சுவரோடு தடியைத் தேய்த்துக்கொண்டு போனேன். சுவர் முடிந்தது, காற்று இடப்பக்கமிருந்து வீசியது. திரும்பினேன்.

பெரிய சாலையில் ஏறியதும் மெட்ரோவுக்குத் தோண்டிய இடம். நடைபாதையே இல்லை, வழி நெடுகத் தகரத் தடுப்பு. அதைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, தடுப்பில் இருந்த ஓர் இடைவெளி அருகே யாரோ என் இடக்கையைக் கபக்கென்று பிடித்தார்.

"இன்னாமா, தனியா வர்றே? வா, நான் இட்டுக்கினு போறேன்." ஆட்டோக்காரர் என்று சட்டையின் பெட்ரோல் வாசனை சொன்னது. நான் வாயைத் திறப்பதற்குள், வருகிற வண்டிகளையெல்லாம் அதட்டி நிறுத்தி, என்னைச் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இழுத்த இழுப்பில் கடிகாரம் தட்டியதா, தட்டவில்லையா என்றே தெரியவில்லை. எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

"நான் ரோடு தாண்டணும்னு சொன்னேனாண்ணே?"

அவர் என் கையை விட்டார். "சொல்லலையா? தடி வச்சிக்கினு நிக்கறவங்க அதுக்குத்தான் நிக்கறாங்கன்னு நெனச்சிக்கினேன்."

பாவம், நல்ல மனுஷன். திரும்பவும் வண்டிகளை அதட்டி என்னைப் பழைய இடத்துக்கே கூட்டிவந்தார். இந்த முறை, "எந்தக் கையைப் பிடிக்கட்டும்?" என்று கேட்டார். நானே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் கடிகாரம் வெகுநேரம் பேசவில்லை. பூ வாசனை வந்தது, குளத்தின் ஈரக் காற்று வந்தது, யாரோ தேங்காய் உடைத்தார்கள். பின்னால் இருமல்கூட இல்லை. தம்பி திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டிரண்டாக ஒரு தட்டு வந்தது. முனை வரும்வரை பொறுத்துத் திரும்பினேன். பிறகு சீராகப் பன்னிரண்டு. பிறகு, வந்துவிட்டாய் என்கிற நீண்ட அதிர்வு.

மருந்து வாசனை அடித்தது. கடிகாரம் நிறுத்தியது பாங்குக்குப் பக்கத்து மருந்துக் கடையில். நாலு எட்டு தள்ளித் தடி ஒரு சாய்தளத்தில் ஏறியது, கதவிடுக்கில் ஏ.டி.எம். குளிர் முகத்தில் பட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வந்தாச்சுலே. இனி வாயைத் திறக்கலாம்," என்றேன்.

"யாரைம்மா கேக்கறே?" என்றார் வாசலில் இருந்த காவலாளி. "உன் பின்னாடி யாரும் இல்லியே."

எவ்வளவு தூரமாக அவன் இல்லை? யாருமே இல்லாமல், நேற்று வரை கால் வைத்திராத ஊரில் நானே வந்திருக்கிறேன். பயம் வடியவும் சந்தோஷம் ஏறவும் ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கே?" தம்பிக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோக்காரர் என்னை இழுத்ததைப் பார்த்துப் பதறி அவனும் சாலையைத் தாண்டி ஓடியிருக்கிறான். அதற்குள் நான் திரும்பிவந்துவிட்டேன். நடுவே ஆள் உயரத்துக்கு மேல் தகரம். அந்தப் பக்கத்திலேயே நடந்தவன், ஒரு மஞ்சள் சுடிதாரைப் பார்த்து அதன் பின்னாலேயே போயிருக்கிறான். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுக் கூப்பிடவும் இல்லை. அந்தப் பெண் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் கையில் தடி இல்லை என்பதே அவனுக்கு உறைத்திருக்கிறது.

"மூணு பேர்ட்ட வழி கேட்டேன்க்கா. மூணு பேரும் மூணு பக்கம் காட்டுதானுவ. நீ அங்கேயே இரு, அசையாதே. நான் எப்படியாவது வாரேன்."

"நீ அசையாதே. இருக்கிற இடத்தைப் போன்ல அனுப்பு. நான் வாரேன்."

அனுப்பினான். போன் அதை வாசித்துச் சொன்னது, வழியைப் போட்டேன், கைப்பைக்குள் வைத்தேன். பதினோரு நிமிட நடை. தட்டியபோதெல்லாம் முனையைத் தேடித் திரும்பினேன். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். கடிகாரமே வேறு வழி போட்டுத் தந்தது. நீண்ட அதிர்வு வந்ததும் நின்றேன். இஞ்சி டீ வாசனை. யாரும் கூப்பிடவில்லை.

"எலே, இருக்கியா?"

"இருக்கேன்." ஓர் எட்டுத் தள்ளிக் குரல் வந்தது. "தெரு முனையில நீ திரும்புதப்பவே பார்த்துட்டேன்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"வந்து சேருத வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்து முடித்தோம். பிறகு அவன் விரல் போன் திரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன பண்ணுதே?"

"உன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுதேன்," என்றான். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "விடுதிக்கு எப்படிக்கா போணும்?" என்று கேட்டான்.