என் பக்கத்தை மட்டும் நான் தேடவில்லை

சந்தேகப்படுவது எனக்குப் பிறவிக் குணம். பால் பாக்கெட் வாங்கினால் தேதியையும் பார்ப்பேன், கொடுத்தவர் முகத்தையும் பார்ப்பேன். "ஏம்புள்ள, நீ போலீசுல சேர்ந்திருக்கோணும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். மதுக்கரையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, சிறுதானியச் சத்துமாவு வறுத்து அரைத்து விற்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்குப் போலீஸ் வேலை பார்க்கக் கிடைத்த இடம்தான் விளம்பர நூலகம்.

நூலகம் என்றால் புத்தகம் இருக்கும் இடமல்ல. போனில் நாமெல்லாம் பொழுதன்னைக்கும் தள்ளிக்கொண்டிருக்கிற அந்தச் சமூக வலைத்தளத்தின் கம்பெனிக்காரர்களே திறந்து வைத்திருக்கிற ஒரு பக்கம். அதில் கணக்குக்கூட வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். நாட்டைத் தேர்ந்தெடுத்து, எல்லா விளம்பரமும் என்று குறித்து, ஒரு கடையின் பக்கப் பெயரைத் தட்டினால் போதும். அந்தக் கடை இப்போது என்னென்ன விளம்பரம் ஓட்டுகிறது, எப்போது ஆரம்பித்தது என்று படம், எழுத்தோடு வந்து நிற்கும். அடடா, என்னைப் போன்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்!

உடுமலைப்பேட்டையில் என்னைப் போலவே சத்துமாவு விற்கிற ஒரு பெண் இருக்கிறாள். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து அவள் பக்கத்தைத் தேடுவது என் வழக்கமாகிப் போனது. புதுப் படம் போட்டிருக்கிறாளா, இலவசமாக ஏதாவது தருகிறாளா, என் வாசகத்தைத் திருடியிருக்கிறாளா என்று ஒன்று விடாமல் பார்ப்பேன். யாருக்குக் காட்டுகிறாள், எவ்வளவு செலவு செய்கிறாள் என்பது மட்டும் தெரியாது. நம் நாட்டில் சாதாரணக் கடை விளம்பரத்துக்கு அந்த விவரமெல்லாம் காட்டுவதில்லை. அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

என் விளம்பரங்களைச் சரவணம்பட்டியில் ஓர் ஏஜென்சியிடம் விட்டிருந்தேன். அதை நடத்துகிறவர் என் வயதுக்காரர்தான், ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் சரி சொன்ன படத்தை மாதாமாதம் ரிப்போர்ட்டில் ஒட்டி அனுப்புவார். "அந்த விளம்பரம் என்ற போன்ல ஒரு நாளும் வர்றதில்லையே?" என்று அவரையும் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறேன். "உங்களுக்கு எதுக்குங்க்கா வரோணும்? வாங்கற ஆளுக்குத்தானுங்க காட்டறோம். வயசானவங்க, ஊர்ப்பக்கம் இருக்கறவங்க" என்றார். நியாயமாகப் பட்டது, விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கொடுமுடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றார். குரலில் மரியாதை இருந்தது, கோபமும் இருந்தது.

"ஏனுங்க, உங்க மாவைச் சாப்பிட்டா சர்க்கரை மாத்திரை வேண்டாம்னு விளம்பரம் போட்டிருக்கீங்களாமா. எங்கப்பா மாத்திரையை நிறுத்திப்போட்டாருங்க. காலுல புண்ணு ஆற மாட்டீங்குது. விரலை எடுக்க வேண்டி வந்தாலும் வரும்னு டாக்டர் சொல்றாருங்க."

எனக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏதாவது கறப்பதற்கு இப்படிப் பேசுகிறாரோ? "நாங்க அப்படி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லீங்க. அந்த விளம்பரத்தைக் காட்டுங்க பார்ப்போம்" என்றேன்.

"அதுதானுங்களே, காட்ட முடியல. அப்பா போன்ல எத்தனை தேடியும் மறுபடி வர மாட்டீங்குது. நான் என்ற போன்லயும் பார்த்துட்டேன், இல்லீங்க. நீங்களாத்தான் என்னமோ நெனச்சுக்கிட்டீங்கன்னு அப்பாகிட்டச் சொன்னா, கண்ணால பார்த்தேன்னு சண்டைக்கு வர்றாரு. புத்தி கலங்கிப் போச்சோன்னு எங்களுக்கு வெசனமா இருக்குதுங்க. மாத்திரையைத் தொட மாட்டேங்கறாரு. கம்பெனிக்காரங்க பொய் சொல்வாங்களாங்கறாரு."

பெரியவருடைய புத்தியில்தான் கோளாறு என்று நானும் சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். பெரியவர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அப்படியானால் யாரோ என் பெயரில் விளையாடியிருக்கிறார்கள். யார்? என் புத்தி நேராக உடுமலைப்பேட்டைக்குப் போனது.

அவள் பக்கத்தை நூலகத்தில் போட்டு மேலும் கீழும் தேடினேன். முருங்கைக்கீரை மாவு, கேழ்வரகு மாவு, ஒரு குழந்தை சிரிக்கிற படம். அவ்வளவுதான். காலையில் நிறுத்தியிருப்பாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். நிறுத்திய கடை விளம்பரம் அங்கே தங்காது. அரசியல் விளம்பரம் என்றால் வேறு. யார் காசு கொடுத்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்து, ஓட்டம் நின்ற பின்னும் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். எங்கள் சரக்குக்கு அந்த மரியாதை கிடையாது, ஓடுகிற வரைக்கும்தான்.

ஆத்திரம் தாங்காமல் அவள் மாவு பாக்கெட்டில் அச்சடித்திருந்த நம்பருக்கே போன் போட்டேன். "மதுக்கரைச் சத்துமாவுக்காரி பேசறேன். என்ற பேருல மாத்திரையை நிறுத்தச் சொல்லி விளம்பரம் போட்டது நீதான? நல்லா இருப்பியா நீ?" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டாள்:

"அக்கா, நீங்க தினமும் என்ற பக்கத்தைத்தான பார்க்கறீங்க?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் தினமும் உங்க பக்கத்தைத்தானுங்க பார்க்கறேன். யாரு பார்த்தாங்கன்னு அது சொல்லாது. ஆனா தொழில்ல இருக்கறவங்க எல்லாரும் அடுத்தவங்க பக்கத்தைத்தான் பார்ப்பாங்க." பிறகு அவளே சொன்னாள். "அந்த மாத்திரை விளம்பரம் உங்க பக்கத்துலதானுங்க ஓடுது. எப்படித்தான் மனசு வந்து போட்டாங்களோன்னு நானே நெனச்சேன். என்ற ஊட்டுக்காரரு நாமளும் போடலாம்னாரு, நான் வேண்டாம்னுட்டேன். உங்க பக்கத்தைத் தேடிப் பாருங்க."

பொக்கென்று போய்விட்டது எனக்கு. போனை வைக்கவும் தோன்றவில்லை. நூலகத்தில் என் பக்கத்தின் பெயரைத் தட்டினேன். ஊரில் இருக்கிற கடையெல்லாம் தேடியிருக்கிறேன், என் பெயரை அன்றுதான் முதன்முதலாகத் தட்டினேன்.

வந்தது. நான் சரி சொன்ன கம்பு படம் ஒன்று. அதற்குக் கீழே நான் பார்த்தே இராத மூன்று. ஒன்றில் வெள்ளை மீசைப் பெரியவர் ஒருவர் மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் போடுகிறார். "நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நீங்கள்?" என்று பெரிய எழுத்தில். மூலையில் என் லோகோ. பக்கத்தில் 'செயலில் உள்ளது' என்ற பச்சைப் புள்ளி. அட கெரகமே, வேறு யார் வீட்டிலும் திருடன் இல்லை, என் வீட்டிலேயே இருக்கிறான்.

ஏஜென்சிக்காரரைப் பிடித்து, கொடுமுடி டீச்சர் சொன்னதையெல்லாம் சொல்லிக் கேட்டேன். அவர் பதறவில்லை. "நாலு வெர்ஷன் போட்டு விட்டோமுங்க்கா. எதை ஜனங்க அதிகமா தட்டறாங்களோ அதைத்தான் சிஸ்டம் அதிகமா தள்ளும். இதுக்குத்தான் நல்ல ரெஸ்பான்சு."

"யாருய்யா அந்தப் பெரியவர்?"

"யாருமில்லீங்க்கா. கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்."

நோய் தீரும் என்று இப்படியெல்லாம் போடக் கூடாதென்று அந்தத் தளத்துக்காரர்களே விதி வைத்திருக்கிறார்கள், அதையும் மீறி நுழைந்திருக்கிறது. என் கோபம் அவருக்கு ஒருவழியாக உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க்கா. இப்பவே ஆஃப் பண்ணிடறேன். பண்ணிட்டா நூலகத்துல இருந்தும் போயிருமுங்க. அந்தக் கொடுமுடி டீச்சர் தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது. அவங்கப்பா சொல்றதை யாரு நம்பப் போறாங்க?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு அந்த நூலகம் எதற்கு என்று விளங்கியது. அந்தக் காலத்தில் சுவரொட்டி ஒட்டினால் தெருவே படிக்கும். பொய் எழுதினால் யாராவது ஒருத்தர் கிழிப்பார். போனில் அப்படியில்லை, எனக்கு வருவது உனக்கு வராது. தேர்தல் நேரத்தில் இந்த வீட்டுக்கு ஒரு பேச்சு, அந்த வீட்டுக்கு ஒரு பேச்சு என்று ஆளுக்கொன்று காதில் ஓதுகிறார்கள் என்று உலகம் முழுக்கச் சத்தம் எழுந்த பிறகுதான் இதைத் திறந்து வைத்தார்களாம். ஒருத்தர் காதில் ஓதியதை எல்லாரும் கேட்கட்டும் என்று. நானோ அதை உடுமலைப்பேட்டையை வேவு பார்க்க மட்டும் வைத்திருந்தேன்.

"நான் சொல்ற வரைக்கும் கையை வெக்காதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கொடுமுடி டீச்சருக்குப் போன் செய்தேன். வெட்கமாக இருந்தது.

"டீச்சர், உங்கப்பா சொன்னது நெசமுங்க. அவரு புத்தி நல்லாத்தான் இருக்குது. விளம்பரம் எங்களுதுதான். எனக்கே இப்பத்தான் தெரியும். ஒரு பக்கம் அனுப்பறேன், தொறந்து அவருகிட்டக் காட்டுங்க. இன்னும் சித்த நேரத்துல அது இருக்காது."

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு ஒரு கிழட்டுக் குரல், சின்னப் பிள்ளை மாதிரி: "பார்த்தியா கண்ணு, நான் சொன்னனல்ல? இதேதான்!"

டீச்சர் அழுதார். நானும் அழுதேன். பெரியவர் போனை வாங்கினார். அது பொய்யென்றும், மாவு சாப்பாடுதானே தவிர மருந்து இல்லையென்றும், மாத்திரையை இன்றைக்கே டாக்டர் சொன்னபடி ஆரம்பிக்க வேண்டுமென்றும் என் வாயால் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் ஏஜென்சிக்காரரிடம் நிறுத்தச் சொன்னேன், அவரையும் சேர்த்து நிறுத்தினேன். அதே ஊர்ப்பக்கம், அதே வயதுக்காரர்களுக்கு, முன்பு சொன்னது தவறு, மாத்திரையை விடாதீர்கள் என்று நானே எழுதி ஒரு விளம்பரம் போட்டேன். அதைத் தட்டியவர்கள் ரொம்பக் குறைவு.

விரல் தப்பியது. அதைச் சொல்லத்தான் பெரியவர் ஒரு நாள் அவராகவே போன் செய்தார். புண் காய்ந்துவிட்டதாம், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாராம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை வைக்கப் போனவர் மறுபடி கூப்பிட்டார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும். அந்தப் படத்துல இருந்தவரு, மாத்திரையைக் குப்பையில போட்டாரே, என்ற வயசு இருக்கும் அவருக்கு. அவருகிட்டயும் சொல்லிப்போட்டீங்களா? அவரு காலு நல்லா இருக்குதுங்களா?"