ரிப்பன் கட்டிய பூனை

எங்கள் அத்தை ஊசியை எடுத்தால் எமனே தன் எருமையைத் தடுப்பூசி வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவான். அப்பேர்ப்பட்ட கால்நடை மருத்துவர், சிகிச்சையோடு குளியலும் முடிவெட்டும் சேர்த்துக் கிளினிக் திறந்தார். வருகிறவர்கள் மிரளக் கூடாதென்று இளஞ்சிவப்புப் பலகையில் ரிப்பன் கட்டிய பூனையை வரையவைத்தார். மருத்துவமனை என்ற சொல்லே அதில் இல்லை.

முதல் வாரமே ஓர் அம்மாள், அலறும் பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி ஓடினார். அத்தை பாய்ந்து மறித்தார்.

"எங்கம்மா ஓடுறீங்க?"

"காலைலேருந்து ஒண்ணுக்குப் போகல, முக்கி முக்கி கத்துறான். டாக்டரைத் தேடுறேன். வழிய விடுங்க!"

"நான்தாங்க டாக்டர்."

அவர் பலகையைப் பார்த்தார். "இது பார்லராச்சே!" என்று கூடையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

அத்தை கெஞ்சாத குறையாகக் கூடைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டார். முகம் வெளுத்துவிட்டது. மூத்திரப்பை கல்லாக இறுகியிருந்தது. ஆண் பூனைக்கு வழி அடைத்துக்கொண்டால், தாமதம் உயிரையே வாங்கிவிடும்.

உள்ளே மயக்கமருந்து கொடுத்து மெல்லிய குழாயைச் செலுத்தினார். ஏறவில்லை. அத்தை குழாயை உருவி, கோணத்தை மாற்றினார். நான் மேஜையை ஒட்டியே நின்றேன். மறுபடி முயன்றபோது சிவந்த சிறுநீர் இறங்கியது. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து அழுதார்.

"பலகைய மாத்தணும்டா," என்றார் அத்தை. "மேல பெருசா கால்நடை மருத்துவமனை, கீழ என் பேரு. பூனை சிரிச்சிட்டே இருக்கட்டும், ரிப்பன் மட்டும் வேணாம்."

"ஐயையோ, ரிப்பன்தானே அத்தை அழகு! ரிப்பன் இல்லாத பூனை யாருக்கு வேணும்?"

"வேணாம்னா, மேஜைல கெடக்குற பூனையோட கைய விடுடா. மயக்கம் குடுத்ததுலேருந்து புடிச்சிட்டே நிக்கிற."