ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு மேலே

பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், நாற்காலி என்று மூன்று மாடிக்கு நிரம்பிக் கிடந்த அந்தக் கடையில் அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் விலைச் சீட்டு ஒட்டும் வேலைக்கு வந்தவள், மெல்ல மெல்ல விலை போடும் மேசைக்கே வந்துவிட்டாள். ஒரு சாமான் கடைக்குள் வந்தால் அதன் விலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், சீட்டு அச்சடித்துச் சாமான் அடுக்கும் தட்டில் ஒட்டுவதும் அவள் பொறுப்பு. கீழே பில் போடுகிற பெண்கள் சாமானின் பார்கோடை மெஷினில் காட்டுவார்கள். அவள் ஏற்றிய விலை தானாக வந்து விழும்.

அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய் குக்கருக்குத் தொண்ணூற்றைந்து என்று ஏற்றிவிட்டார். அன்று மத்தியானமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தவள் லேபிள் அக்கா. அதிலிருந்து எந்த விலையையும் இரண்டு தடவை பார்க்காமல் அவள் விரல் அடுத்த பொத்தானுக்குப் போகாது. வீட்டில் முதுகு பிடித்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாமல் கிடக்கும் புருஷன், கல்லூரியில் காலெடுத்து வைத்திருக்கும் மகள், எல்லாம் இந்த ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. பயப்படாமல் என்ன செய்வாள்?

இப்படி இருந்தவள் தலையில்தான் முதலாளி ஒரு புதன்கிழமை புது யோசனையை இறக்கினார். எண்பத்தேழு ரூபாய், நூற்றுப் பதிமூன்று ரூபாய் என்று விலை இருப்பதால் சில்லறைக்கு அல்லாட வேண்டியிருக்கிறது, மீதிக்கு மிட்டாய் கொடுத்தால் வாடிக்கையாளர் முறைக்கிறார். அதனால் ஐநூறுக்குள் இருப்பதையெல்லாம் அடுத்த ஐந்துக்கு ஏற்றிவிட வேண்டும். எண்பத்தேழு தொண்ணூறாகும். ஐநூறும் அதற்கு மேலும் இருப்பது தொண்ணூற்றொன்பதில் முடிய வேண்டும். ஐநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்காலி ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பதாகும்.

“அறுநூறுன்னா யோசிப்பாங்க. ஐநூத்தித் தொண்ணூத்தொம்போதுன்னா ஐநூறு ரூபா சாமான்னு நினைச்சுக்குவாங்க” என்றார். அந்த மிச்ச ஒரு ரூபாய்ச் சில்லறைக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. முதலாளிக்குத் தெரியும், அந்த ஒரு ரூபாயை எவரும் கேட்டு வாங்குவதில்லை.

ஆயிரக்கணக்கான சாமானுக்கு ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. சாஃப்ட்வேர்காரர் போனில் சொல்லச் சொல்ல, அவளே இரண்டு விதிகளை ஏற்றினாள். முதல் விதி எல்லாவற்றையும் ஐந்தின் மடங்குக்கு உயர்த்தும். இரண்டாவது விதி ஐநூறும் அதற்கு மேலும் உள்ளதை எடுத்து, கடைசி இரண்டு இலக்கத்தைத் தொண்ணூற்றொன்பதாக்கும். வியாழக்கிழமை காலை, விதிகளை ஓட்டும் பொத்தானை அமுக்கினாள். ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிப் பார்த்தாள். எல்லாம் சொன்னபடி இருந்தது. புதுச் சீட்டு அச்சடித்து எல்லாத் தட்டிலும் ஒட்டி முடிக்கும்போது விரல் நுனியெல்லாம் பசை.

வெள்ளிக்கிழமை புதுச் சரக்கு வந்தது. அதற்கும் விலை ஒழுங்காக வேண்டுமே என்று அதே பொத்தானை அமுக்கினாள். சனிக்கிழமையும் அமுக்கினாள். இரண்டு நாளும் வழக்கம்போல் சரிபார்த்தாள். பார்த்ததெல்லாம் கரண்டி, டப்பா, சீப்பு. தொண்ணூறு தொண்ணூறாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. சாப்பாட்டு நேரத்துக்கு நாத்தனார் வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை. “அண்ணி, உங்க கடை இரும்புச் சட்டி நேத்து வாங்கினேன். எழுநூத்தித் தொண்ணூத்தொம்போது. சொந்தக்காரின்னு ஒரு அம்பது ரூபா கொறைக்க மாட்டீங்களா?” என்று சிரித்தாள்.

லேபிள் அக்கா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். அந்தச் சட்டிக்கு அவள் ஒட்டிய சீட்டு ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பில்லை வாங்கிப் பார்த்தாள். கை கழுவக்கூட எழாமல் மனத்துக்குள் கணக்கை ஓட்டினாள். பொத்தான் புதுச் சரக்கை மட்டும் தொடவில்லை, கடை முழுவதையும் தொட்டிருக்கிறது. இரண்டாம் தடவை அமுக்கியபோது முதல் விதி ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பதை அறுநூறாக்கியிருக்கிறது. அறுநூறைப் பார்த்த இரண்டாவது விதி அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதாக்கியிருக்கிறது. மூன்றாம் தடவை இன்னொரு நூறு. ஒரு அமுக்கலுக்கு நூறு ரூபாய்! ஏற்கெனவே ஐந்தின் மடங்கில் நின்ற சின்ன சாமான்கள் நகரவே இல்லை. அவற்றை மட்டும் பார்த்துவிட்டு அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

பேசாமல் நாளைக்கு விலையை இறக்கிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றான் புருஷன். அன்று பொழுது போவேனா என்றது. துணி மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். கண்ணுக்கு முன்னால் குக்கர்காரர் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி கடைப் படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே போய் விலைகளை வியாழக்கிழமை நிலைக்கு இறக்கினாள். பில்களை எடுத்தாள். வெள்ளிக்கிழமை பதினான்கு, சனிக்கிழமை இருபத்தேழு, மொத்தம் நாற்பத்தொரு பேர் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். முதலாளி வந்து உட்காரும்வரை காத்திருந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று எவனாவது படம் பிடித்துப் போட்டால் கடையின் மானம் போய்விடும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பில்லில் போன் நம்பர் இருக்கிறதே, எல்லாரையும் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நாப்பத்தோரு பேரும் வந்துட்டுப் போகட்டும். என்ன பேசுறாங்கன்னு பாத்துட்டு உன்னைப் பத்திப் பேசலாம்.”

முதலில் கூப்பிட்டபோது பாதிப் பேர் மோசடி என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டாள். மத்தியானம் அவள் மேசை முன்னால் வரிசை நின்றது. முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் ஆள் திட்டினார். இரண்டாவது ஆள் எண்ணிக்கூடப் பார்க்காமல் போனார். அவள் உள்ளங்கை வேர்த்து நோட்டுகள் ஒட்டிக்கொண்டன.

மூன்றாவதாகத் தெருமுனைத் தையல்காரம்மா. அவளும் இரும்புச் சட்டிதான் வாங்கியிருந்தாள். இருநூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “நீங்க கூப்பிடலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இனிமே இந்தக் கடைல நான் விலையே பாக்க மாட்டேன். கண்ண மூடிட்டு வாங்குவேன்.”

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம கடைன்னா அப்படித்தாம்மா” என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, லேபிள் அக்கா பக்கம் திரும்பினார். “நீ பாட்டுக்கு உன் மேசைல இரும்மா.”

வேலை தப்பியது. நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்க வேண்டும். இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கப் போகிறவள் தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சம்பாதித்த காசோடு முன்னால் நிற்கிறாள். அந்தச் சட்டி புதன்கிழமைவரை என்ன விலைக்கு இருந்தது என்று அந்த வரிசையில் யாருக்குத் தெரியும்?

“விலைய பாத்தே வாங்குங்கம்மா” என்றாள். சத்தமே வரவில்லை. தையல்காரம்மா என்ன என்று கேட்டாள். முதலாளி தன்னைப் பார்ப்பது தெரிந்தும் இந்தத் தடவை தெளிவாகச் சொன்னாள். “புதன்கிழமை வரைக்கும் அந்தச் சட்டி ஐநூத்தி அஞ்சு ரூபாதாம்மா.”

தையல்காரம்மா கையிலிருந்த இருநூறைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பில்லை விரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.